பிரைடல் புக்கிங் கேப்ஷன்: டிரையல் முதலிலா, அட்வான்ஸ் முதலிலா?

மணப்பெண் மேக்கப் செய்பவர்கள் இன்ஸ்டாகிராமில் போடும் புக்கிங் கேப்ஷன்களில் இரண்டு வகைதான் அதிகம் கண்ணில் படும். "புக்கிங் நடைபெறுகிறது, விவரங்களுக்கு மெசேஜ் செய்யவும்" என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் ஒரு பக்கம். டிரையல், அட்வான்ஸ், பயணச் செலவு, ரத்து விதி, உதவியாளர் கட்டணம், தாமதக் கட்டணம் என்று இன்ஸ்டாகிராம் அனுமதிக்கும் 2,200 எழுத்துகளையும் நிரப்பிவிடுபவர்கள் இன்னொரு பக்கம்.

ஒற்றை வரி போட்டால் விசாரணை நிறைய வரும். ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் அதே நான்கு பதில்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். இரவு 11 மணிக்குக் கேட்டவருக்குக் காலையில் பதில் போவதற்குள் அவர் வேறு மூன்று பேரிடம் கேட்டு முடித்திருப்பார். நீளக் கேப்ஷனில் வேறு சிக்கல். ஃபீடில் முதல் இரண்டு வரிதான் தெரியும், மீதியைப் பார்க்க ஒரு தட்டு தட்டவேண்டும். தட்டிய பிறகு விதிகளாக வரிசைகட்டி நின்றால், கல்யாண வேலையில் இருக்கிற பெண்ணுக்கு ஒப்பந்தப் பத்திரம் படிக்கிற மாதிரி இருக்கும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கேப்ஷனை மணப்பெண் மட்டும் படிப்பதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்மாவுக்கும் அக்காவுக்கும் அனுப்புவார். பணம் கொடுப்பவர் பெரும்பாலும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டுமே பார்த்துக் கேள்வி கேட்பவர்.

அதனால் நான் நடுவழியைச் சொல்வேன். டிரையல், அட்வான்ஸ், பயணம், தேதி நான்கும் தலா ஒன்றிரண்டு வாக்கியங்களில், ஒரே ஸ்கிரீன்ஷாட்டுக்குள் அடங்கவேண்டும். சொல்வது சுலபம். எழுத உட்கார்ந்தால் பேனா நின்றுவிடும். காரணம் மொழி இல்லை, விதியை நாமே இன்னும் முடிவு செய்திருக்க மாட்டோம். அதிலும் முடிவாகாமல் கிடப்பது ஒன்றுதான்: டிரையல் பார்த்துவிட்டு அட்வான்ஸா, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு டிரையலா?

மூன்று வழிகள், ஒரே தேதி

ஒரு சூழ்நிலையை வைத்துப் பார்ப்போம். 2-ம் தேதி திங்கட்கிழமை ஒரு பெண் கேட்கிறார்: அடுத்த மாதம் 20-ம் தேதி கிடைக்குமா? தேதி காலியாக இருக்கிறது. டிரையலுக்கு அவர் வரக்கூடிய நாள் 8-ம் தேதி ஞாயிறு. நடுவில், 4-ம் தேதி புதன்கிழமை, இன்னொரு பெண் அதே 20-ம் தேதியைக் கேட்கிறார். டிரையல்கூட வேண்டாம், இப்போதே அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்கிறார்.

முதல் வழி, டிரையல் முதலில், தேதிக்கு உத்தரவாதம் கிடையாது. இதன்படி இரண்டாமவருக்குத் தேதி போய்விடும். ஞாயிறு வரவிருந்த முதல் பெண்ணிடம் "தேதி போய்விட்டது, டிரையல் இனி தேவையில்லை" என்று சொல்லவேண்டும். விதிப்படி சரிதான். ஆனால் அவர் பார்வையில் வரிசையில் நின்றவரைத் தள்ளிவிட்டுப் பின்னால் வந்தவரை உள்ளே விட்டது போல இருக்கும். அந்தக் கோபம் ரிவியூவில் வந்து நிற்கும்.

இரண்டாவது வழி, அட்வான்ஸ் முதலில். 2-ம் தேதியே முதல் பெண் பாதிக் கட்டணத்தைக் கட்டவேண்டும். நம் கை வேலையைத் தன் முகத்தில் பார்க்காமலேயே கட்டவேண்டும். கட்டிவிட்டு ஞாயிறு டிரையல் பிடிக்கவில்லை என்றால்? "திருப்பித் தரப்படாது" என்று கேப்ஷனில் எழுதியிருந்தால் விதிப்படி பேசலாம், மனசாட்சிப்படி பேச முடியாது. பிடிக்காத ஆர்ட்டிஸ்டிடமே உட்கார்ந்து மேக்கப் போட்டுக்கொள்ளும் பெண்ணை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். அந்த நாற்காலியில் நல்ல வேலை வராது.

மூன்றாவது வழி, டிரையல் கட்டணம் கட்டியவருக்குத் தேதியைக் குறிப்பிட்ட நாள்வரை நிறுத்திவைப்பது. 2-ம் தேதி முதல் பெண் டிரையல் கட்டணத்தைக் கட்டுகிறார். 20-ம் தேதி அவருக்காக 10-ம் தேதி மாலைவரை, அதாவது டிரையல் முடிந்து இரண்டு நாள்வரை, நிறுத்திவைக்கப்படுகிறது. புதன்கிழமை கேட்டவருக்கு "10-ம் தேதி மாலை உறுதியாகச் சொல்கிறேன்" என்று பதில். அவர் காத்திருக்கலாம், போய்விடவும் செய்யலாம். போய்விட்டு, முதல் பெண்ணும் வேண்டாம் என்றால் நமக்கு இரட்டை நஷ்டம்.

அதனால் மூன்றாவது வழிக்கு இரண்டு எல்லை வேண்டும். நிறுத்திவைக்கும் காலம் ஒரு வாரத்தைச் சுற்றித்தான் இருக்கவேண்டும். அந்த ஒரு வாரத்துக்கு விலையாக டிரையல் கட்டணம் கையில் வந்திருக்கவேண்டும். "ஃபோட்டோ அனுப்புகிறேன், தேதியைப் பிடித்து வையுங்கள்" என்று கேட்பவருக்கு நிறுத்திவைத்தால் அது வெறும் தயவுதான், புக்கிங் ஆகாது.

மூன்றாவது வழி எல்லாருக்கும் பொருந்துமா என்றால், இல்லை. எட்டு மாதம், ஒரு வருடம் முன்பே தேதி கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வாரத்தில் டிரையல் வைத்தால் அந்த டிரையலால் பெரிய பயன் இல்லை. ஒரு வருடத்தில் முகத்தின் நிறம் மாறும், முடியின் நீளம் மாறும், உடையே முடிவாகியிருக்காது. டிரையலுக்கு நல்ல நேரம் கல்யாணத்துக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பு. ஏதாவது பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஆறுவதற்கும், மாற்றுப் பொருள் வைத்துப் பார்ப்பதற்கும் அவகாசம் இருக்கும்.

ஆக, விதியை முடிவு செய்வது நம் மனநிலை அல்ல, கேட்ட நாளுக்கும் கல்யாண நாளுக்கும் உள்ள இடைவெளி. மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் அட்வான்ஸ் முதலில். அதற்குள் என்றால் டிரையல் முதலில், தேதி நிறுத்திவைப்போடு. கேப்ஷனில் இந்த இரண்டையும் இரண்டு வாக்கியமாகச் சொல்லிவிடலாம்.

அட்வான்ஸைப் பாதியாக வாங்காமல் பிரித்து வாங்குவது

சரி, முன்கூட்டியே கேட்பவரிடம் அட்வான்ஸ் முதலில் என்றால், மேலே சொன்ன மனக்கசப்பு அப்படியே இருக்கிறதே? அதற்குத்தான் அட்வான்ஸைப் பிரிப்பது. மொத்தக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரே தவணையாக 50 வாங்கிக்கொண்டு திருப்பித் தரமாட்டேன் என்பது ஒரு முறை. தேதியை உறுதி செய்ய 20, டிரையல் நாளில் 15, டிரையல் பிடித்திருந்தால் இரண்டு நாளுக்குள் இன்னும் 15, மீதி 50 கல்யாணத்துக்கு முந்தைய நாள் என்பது இன்னொரு முறை. இரண்டிலும் கல்யாணத்துக்கு முன்பே நம் கையில் பாதி வந்துவிடுகிறது. வித்தியாசம், டிரையல் பிடிக்காதவர் எவ்வளவு இழக்கிறார் என்பதில்தான். முதல் முறையில் 50. இரண்டாவதில் 20, அதோடு டிரையலுக்கான 15. அந்த 15 வேலை பார்த்ததற்கான கூலி, அதை இழப்பு என்று அவரும் நினைக்கமாட்டார்.

நமக்கும் இதில் பெரிய அடி இல்லை. நான்கு முதல் ஆறு வாரம் முன்பு ஒரு தேதி திறந்தால் அதை மறுபடி நிரப்ப ஓரளவு வாய்ப்பு உண்டு. ஒரு வாரம் முன்பு திறந்தால் கிடையாது. அதனால்தான் முதல் துண்டு சிறியதாகவும், நாள் நெருங்க நெருங்கத் தொகை கூடுவதாகவும் இருக்கவேண்டும். மூன்று மாதத்துக்குள் கேட்டவருக்குக் கணக்கு இன்னும் எளிது: டிரையல் கட்டணம் 15, பிடித்திருந்தால் 35, கடைசியில் 50.

மீதித் தொகையை எப்போது வாங்குவது என்பதைக் கேப்ஷனில் எழுதாமல் விடுபவர்கள் அதிகம். கல்யாண நாள் காலையில் மணப்பெண் கையில் போன்கூட இருக்காது. பணம் யாரிடம் இருக்கிறது என்று தேடினால் ஒரு மாமா இன்னொரு மாமாவைக் காட்டுவார், அவர் மண்டப வாசலில் நிற்பார். மேக்கப் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்பது இரு தரப்புக்கும் சங்கடம். முந்தைய நாள் மாலை என்று எழுதிவிட்டால் பேச்சே இல்லை.

இன்னொரு வரி கட்டாயம் வேண்டும், பலர் எழுதுவதே இல்லை. நம்மால் வரமுடியாமல் போனால் என்ன? வாங்கிய தொகை முழுவதும் திரும்பும் என்று சொல்லவேண்டும். அவர் ரத்து செய்தால் போகும், நாம் ரத்து செய்தாலும் போகும் என்றால் அந்த விதியை யாரும் நம்பமாட்டார்கள். தேதி தள்ளிப்போனால், புதுத் தேதி காலியாக இருந்தால் அட்வான்ஸ் அப்படியே மாறும் என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிடலாம்.

டிரையல் என்றால் என்னென்ன

டிரையல் இலவசமா, கட்டணமா என்ற கேள்வி ஓயாமல் வருகிறது. இலவசம் என்று போட்டால் ஆட்கள் வருவார்கள், அதில் நான்கைந்து இடத்தில் டிரையல் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள். அதைவிடப் பெரிய குறை, இலவசம் என்று தெரிந்ததும் நாமே அவசர அவசரமாக ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவோம். ஒழுங்கான டிரையலுக்கு அந்த நேரம் போதாது.

ஒழுங்கான டிரையல் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ ஃபவுண்டேஷனையும், செயற்கை இமைமுடி ஒட்டும் பசையையும் ஒரு பொட்டளவு தடவி 24 முதல் 48 மணி நேரம் பார்க்கவேண்டும். சிவந்தாலோ அரித்தாலோ அந்தப் பொருள் விலக்கப்படும். இமைப் பசையில் லேடெக்ஸ் இருந்தால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கண் வீங்கியபடி மேடை ஏறுவதை யாரும் விரும்பமாட்டார்கள். அப்புறம் நிறம். தாடையோரம் தடவி உடனே "சரியாக இருக்கிறது" என்று முடிவு செய்தால் ஏமாந்துவிடுவோம். எண்ணெய்ப் பசை அதிகமுள்ள தோலில் சில ஃபவுண்டேஷன்கள் கொஞ்ச நேரத்தில் ஒரு சாயல் கறுக்கும். அரைமணி நேரமாவது விட்டுப் பார்க்கவேண்டும்.

பிறகு ஃபிளாஷ் போட்டு ஒரு ஃபோட்டோ. துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு கலந்த சன்ஸ்கிரீனோ, அளவுக்கு அதிகமான சிலிக்கா பவுடரோ இருந்தால் கண்ணாடியில் அழகாகத் தெரிந்த முகம் ஃபிளாஷில் வெள்ளையாகப் பூத்துவிடும். கடைசியாக, மேக்கப்பைக் கலைக்காமல் வீட்டுக்குப் போய் ஆறு மணி நேரம் கழித்து ஒரு ஃபோட்டோ அனுப்பச் சொல்வது. மூக்கோரம் திட்டுத்திட்டாகப் பிரிகிறதா, கண்ணுக்குக் கீழே கோடு விழுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

இதெல்லாம் கேப்ஷனில் வராது. ஆனால் இதைச் செய்கிறவர் "டிரையலுக்குக் கட்டணம் உண்டு, புக் செய்தால் மொத்தத்தில் கழிக்கப்படும்" என்று கூச்சமில்லாமல் எழுதலாம். கூடவே டிரையலில் எத்தனை தோற்றம் என்று ஒரு எண் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் "இதுவும் பார்க்கலாமா, அதுவும் பார்க்கலாமா" என்று சாயங்காலம் ஆகிவிடும்.

பயணக் கட்டணம்: ஒரே வரி, நான்கு கணக்கு

"25 கி.மீ. வரை பயணக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் கி.மீ. கணக்கில்" என்ற வரியைப் பார்த்தால் தெளிவாகத்தான் தோன்றும். 70 கி.மீ. தள்ளியிருக்கும் மண்டபத்துக்கு இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 போக மீதி 45 கி.மீ. என்பார் மணப்பெண்ணின் அப்பா. எல்லை தாண்டிவிட்டதே, முழுசாக 70 என்பார் இன்னொருவர். போக வர 45 வீதம் 90 என்று நாம் மனதில் வைத்திருப்போம். முழுத் தூரமும் இரு வழியும் என்றால் 140. நான்கும் அந்த வரியிலிருந்தே வருகின்றன, யாரும் பொய் சொல்லவில்லை.

கி.மீ. கணக்கை விடாதவர்கள் எங்கிருந்து அளப்பது, ஒரு வழியா இரு வழியா, இலவச எல்லை கழியுமா என்ற மூன்றையும் எழுதவேண்டும். அது ஒரு வாக்கியத்தில் அடங்காது. அதனால் எனக்கு வட்ட முறைதான் பிடிக்கும். 25 கி.மீ.க்குள் இலவசம், 25 முதல் 75 வரை ஒரு நிலையான தொகை, அதற்கு மேல் தனியாகப் பேசிக்கொள்வது. 26-வது கி.மீ.யில் இருப்பவருக்கும் 74-ல் இருப்பவருக்கும் ஒரே தொகை என்பது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயம் புக்கிங் அன்றே தெரிந்துவிடும், கல்யாணத்தன்று தெரியாது. சுங்கம், பார்க்கிங், உதவியாளரின் பயணம் எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

தூரத்தைவிட நேரம்தான் செலவைத் தீர்மானிக்கும் இடம் ஒன்று உண்டு. மணப்பெண் காலை 6 மணிக்குத் தயாராக வேண்டும் என்றால், மேக்கப்புக்கும் முடிக்கும் இரண்டரை மணி நேரம் வைத்து 3.30-க்குத் தொடங்கவேண்டும். 70 கி.மீ. பயணத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் வீட்டிலிருந்து 1.30-க்குக் கிளம்பவேண்டும். தூங்காத கையால் ஐலைனர் போடுவது யாருக்கும் நல்லதில்லை. அதே 70 கி.மீ. மாலை நிகழ்ச்சி என்றால் தங்கவேண்டிய தேவையே இல்லை. ஆகவே தங்குமிடம் பற்றிய வரியைத் தூரத்தோடு மட்டும் கட்டாமல் தொடங்கும் நேரத்தோடும் கட்டவேண்டும்.

தேதி எங்கே இருக்கவேண்டும்

காலித் தேதிகளைக் கேப்ஷனில் வரிசையாகப் போடுவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஃபீட் போஸ்ட் ஒருவர் கண்ணில் இன்று படலாம், மூன்று வாரம் கழித்தும் படலாம். அதற்குள் பாதித் தேதி போயிருக்கும். கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது உண்மை, ஏற்கெனவே எடுக்கப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்தமுடியாது. புக் ஆன தேதிகளைப் போடுவது அதைவிட மோசம். காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு வேலை எடுப்பவர் என்றால், காலை போன தேதியின் மாலைக்கு யாரும் கேட்கவே மாட்டார்கள். "சில தேதிகளே உள்ளன" என்பதை வருடம் முழுக்கப் பார்த்துப் பார்த்து யாரும் நம்புவதில்லை.

தினம் மாறுவதைத் தினம் மறையும் இடத்தில் வைப்பதே சரி. ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், அதனால் காலித் தேதிகளுக்கு அதுதான் இடம். ஹைலைட்டில் சேர்த்தால் பழையதை நீக்கவேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேப்ஷனில் எந்த மாதங்களுக்கு புக்கிங் திறந்திருக்கிறது என்பது போதும். இந்தக் கேப்ஷன் உள்ள போஸ்டைப் பக்கத்தின் மேலே பின் செய்துவிட்டால், பக்கத்துக்கு வருபவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். கேப்ஷனுக்குள் லிங்க் ஒட்டினால் அழுத்தித் திறக்கமுடியாது, அது பயோவில்தான் இருக்கவேண்டும்.

எல்லாம் சேர்ந்து இப்படி வரும்:

"ஜூன் முதல் டிசம்பர் வரை பிரைடல் புக்கிங் திறந்துள்ளது. காலித் தேதிகள் ஸ்டோரியில்.

மூன்று மாதத்துக்கு மேல் உள்ள தேதிகள்: 20% அட்வான்ஸ் செலுத்தியதும் உறுதி. டிரையல், கல்யாணத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பு. பிடிக்கவில்லை என்றால் அதற்கு மேல் எதுவும் செலுத்த வேண்டாம், அட்வான்ஸும் டிரையல் கட்டணமும் மட்டும் திரும்பாது.

மூன்று மாதத்துக்குள் உள்ள தேதிகள்: டிரையல் கட்டணம் செலுத்தினால் ஒரு வாரத்துக்குள் டிரையல், அது முடிந்து 2 நாள்வரை தேதி உங்களுக்காக நிறுத்திவைக்கப்படும்.

டிரையல்: ஒரு தோற்றம், 3 மணி நேரம், 15%. புக் செய்தால் மொத்தத்தில் கழிக்கப்படும். ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

டிரையல் பிடித்திருந்தால் 2 நாளுக்குள் மொத்தம் 50% வரை, மீதி முந்தைய நாள் மாலைக்குள். தேதி மாறினால், புதுத் தேதி காலியாக இருக்கும்பட்சத்தில் செலுத்திய தொகை அப்படியே மாறும். என்னால் வரமுடியாமல் போனால் முழுத் தொகையும் திரும்பும்.

பயணம்: என் ஸ்டுடியோவிலிருந்து 25 கி.மீ. வரை இலவசம், 75 கி.மீ. வரை ஒரே நிலையான தொகை, அதற்கு மேல் பேசி முடிவு செய்யலாம். 25 கி.மீ.க்கு அப்பால் காலை 5 மணிக்கு முன் தொடங்கும் மேக்கப்புக்கு முந்தைய இரவு தங்குமிடம் தேவை.

கேட்கும்போது தேதி, தயாராக வேண்டிய நேரம், மண்டபம் உள்ள ஊர் மூன்றையும் அனுப்புங்கள்."

கட்டணத்தை எண்ணாகப் போடுவதா வேண்டாமா என்பதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், அது தனி விவாதம். கடைசி வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். தேதி, நேரம், ஊர் மூன்றும் ஒரே மெசேஜில் வந்தால், எந்த விதி பொருந்தும், பயணத் தொகை எவ்வளவு, தங்கவேண்டுமா என்பதெல்லாம் நம் முதல் பதிலிலேயே போய்விடும். வெறும் "ரேட் என்ன?" என்று மட்டும் வருகிற மெசேஜுக்கும் இந்த மூன்றையும் கேட்டே பதிலைத் தொடங்கலாம்.